என் மின்னஞ்சலை ஹாஷ் செய்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மனநல ஆலோசனைத் தளத்தின் மார்க்கெட்டிங் குழுவினருக்கு,

வணக்கம். தூக்கம் வராத ஓர் இரவில் உங்கள் தளத்துக்கு வந்தேன். குக்கீ பற்றிக் கேட்டீர்கள், ‘எதுவும் வேண்டாம்’ என்று அழுத்தினேன். மின்னஞ்சல் கொடுத்தால்தான் கேள்விகள் திறக்கும் என்றீர்கள், கொடுத்தேன். பாதியில் மனம் வராமல் மூடிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அலுவலகக் கூட்டத்தில் என் திரையைப் பகிர்ந்து ஒரு பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் உங்கள் விளம்பரம் வந்து நின்றது: “மனச்சோர்வா? விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.” யாரும் எதுவும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒருவர் மட்டும், “கீழே போகலாமா?” என்றார். அந்தக் கொஞ்ச நேரத்தை நீங்கள் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

‘இந்த விளம்பரம் ஏன்?’ என்று தட்டிப் பார்த்தேன். விளம்பரதாரர் ஏற்றிய பட்டியலில் என் மின்னஞ்சல் இருக்கிறதாம். அதாவது குக்கீக்கு இதில் வேலையே இல்லை. நான் பூட்டியது வாசல் கதவை, நீங்கள் போனது கொல்லைப்புறமாக.

உங்களிடம் கேட்டால், “முகவரியை யாருக்கும் தருவதில்லை, ஹாஷ் செய்துதான் அனுப்புகிறோம்” என்று பதில். சரி, ஹாஷ் என்றால் என்ன? SHA-256 என்ற ஹாஷ் முறை என் முகவரியை 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரமாக மாற்றும், அதைப் பார்த்து முகவரியைக் கணக்குப் போட்டு எடுக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஒரே முகவரிக்கு எப்போதும் ஒரே சரம்தான் வரும். விளம்பரத் தளத்திடம் என் முகவரி ஏற்கெனவே இருக்கிறது, அதுவும் அதை அப்படியே ஹாஷ் செய்து ஒப்பிட்டால் இரண்டும் பொருந்திவிடும். பொருந்துவதற்காகத்தானே அனுப்புகிறீர்கள்! ஹாஷ் என்னை மறைத்துவிட்டது என்றால் விளம்பரம் சரியாக என் திரையை எப்படிக் கண்டுபிடித்தது?

பட்டியலில் இருப்பது முகவரி மட்டுமல்ல என்பதுதான் இன்னும் மோசம். ‘கேள்விகளைப் பாதியில் விட்டவர்கள்’ என்ற பட்டியலில் ஒருவர் இருப்பதே ஒரு மருத்துவக் குறிப்பு மாதிரி. இதே வகைத் தவறுக்காக 2023இல் பெட்டர்ஹெல்ப் என்ற இணையவழி மனநல ஆலோசனை நிறுவனம் அமெரிக்கக் கூட்டரசு வர்த்தக ஆணையத்துடன் 78 லட்சம் டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது உங்களுக்குத் தெரியாததா?

தனியுரிமைக் கொள்கையில் எழுதியிருக்கிறோம் என்பீர்கள். கேள்விகளைத் திறக்கக் கொடுத்த முகவரியை விளம்பரத்துக்கும் எடுத்துக்கொண்டு, அதையே சம்மதம் என்கிறீர்களே, கடைக்காரரிடம் சில்லறை மாற்றக் கொடுத்த நோட்டை அவர் நன்கொடைப் பெட்டியில் போடுவது மாதிரி இல்லையா? பட்டியல் ஏற்றினால் விளம்பரச் செலவு குறையும், புரிகிறது. குறைகிற செலவை யார் சுமப்பது என்பதுதான் என் கேள்வி. நீங்கள் அனுப்பும் திருப்திக் கருத்துக்கணிப்பிலும் அதை ஒரு கேள்வியாகச் சேர்க்கலாம், ஐந்து நட்சத்திரம் வைத்து.

கோபத்தில் எங்கோ போய்விட்டேன், மன்னியுங்கள். கேட்பது இதுதான். முகவரியை விளம்பரத் தளத்தில் ஏற்றும் முன் அதற்கென்று தனியாகக் கேளுங்கள், டிக் போடாத பெட்டியாக. இல்லை என்றால் ஏற்றாதீர்கள். அப்புறம், ஏற்கெனவே ஏற்றிய பட்டியல்களிலிருந்து தயவுசெய்து என்னை நீக்கி, நீக்கியதை எழுத்தில் சொல்லுங்கள். என் முகவரிதான் உங்களிடம் இருக்கிறதே, இந்த ஒருமுறை அதை ஹாஷ் செய்யாமல் பயன்படுத்துங்கள்.