இட்லிக் குண்டான் மூடியை எந்தப் பக்கம் தூக்குவது? மகளிர் குழுத் தலைவிகளுக்கு ஒரு மடல்

தருமபுரி மாவட்ட மகளிர் சுய உதவிக் குழுத் தலைவிகளுக்கு வணக்கம்.

நான் பாலக்கோட்டில் காலை டிபன் கடை வைத்திருப்பவள். போன மார்கழியில் ஒரு விடியற்காலை, கடையில் என்னோடு நிற்கும் என் நாத்தனார் இட்லி வெந்துவிட்டதா என்று பார்க்க, முந்தானையால் குமிழைப் பிடித்து மூடியின் தன் பக்க விளிம்பைத் தூக்கினார். வெந்ததைப் பார்க்க வேண்டுமென்றால் கை தானாகவே அப்படித்தான் போகும். ஆவி நேராக முன்கையில் அடித்தது. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து, மதியத்துக்குள் கொப்புளம் கட்டிவிட்டது.

ஆவிதானே என்று நினைக்காதீர்கள். ஆவி தோலில் பட்டுத் தண்ணீராக மாறும்போது, தன்னிடம் அடக்கி வைத்திருக்கும் சூட்டையெல்லாம் அங்கேயே விட்டுவிடும். அதே எடை கொதிநீர் பட்டு ஆறும்போது விடும் சூட்டைப் போல இது கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு. அதிலும் வெள்ளையாகப் புகை மாதிரி தெரிவது கொஞ்சம் ஆறிய ஆவி. குண்டான் வாயை ஒட்டி, கண்ணுக்கே தெரியாமல் வருவதுதான் கடும் சூடு.

மூடியை இப்படித் திறக்கலாம். முதலில் அடுப்பை அணைத்து இரண்டு மூன்று நிமிடம் விடுங்கள். துணியிலிருந்து இட்லி ஒட்டாமல் வருவதற்கும் அது நல்லது. முகத்தைத் தள்ளி வைத்து, காய்ந்த தடித்த துணியால் குமிழைப் பிடியுங்கள். ஈரத் துணியில் சூடு உடனே கைக்கு ஏறிவிடும், முந்தானையும் வேண்டாம். இப்போது எதிர்ப்பக்க விளிம்பை மட்டும் தூக்குங்கள். உங்கள் பக்க விளிம்பு குண்டான் மேலேயே உட்கார்ந்திருக்கட்டும். மூடியே கேடயம் மாதிரி நின்று ஆவியை அந்தப் பக்கம் அனுப்பிவிடும். அந்தப் பக்கம் குழந்தையோ வாடிக்கையாளரோ நின்றால் முதலில் நகரச் சொல்லுங்கள்.

ஒன்றைக் கவனியுங்கள். மூடியின் அடியில் கோத்திருக்கும் சுடுதண்ணீர் இப்போது உங்கள் பக்கம் ஓடி வரும். அது குண்டானுக்குள்ளேயே சொட்டி முடியும்வரை விளிம்பை எடுக்காதீர்கள். காற்று உங்களை நோக்கி அடித்தால் நிற்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

குக்கருக்கும் மூடி சாய்க்கும் திசை இதேதான். ஆனால் பிரஷர் தானாக இறங்கிய பிறகுதான் திறக்க வேண்டும். வெயிட்டை லேசாகத் தூக்கும்போது உஸ்ஸென்று சத்தம் வந்தால் இன்னும் இறங்கவில்லை. மூடியைப் பலம் கொடுத்துத் திருக வேண்டாம்.

பட்டுவிட்டால் உடனே வளையல், மோதிரத்தைக் கழற்றுங்கள். வீங்கிய பிறகு வராது. ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் கையைக் காட்டுங்கள். நாங்கள் மாவைப் பூசிவிட்டோம். அதை மருத்துவமனையில் கழுவி எடுத்தபோது அவர் பட்ட வலி இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

அடுத்த மாதக் கூட்டத்தில் எனக்குப் பத்து நிமிடம் கொடுங்கள். காலிக் குண்டானும் மூடியும் நான் கொண்டு வருகிறேன். ஒவ்வொருவரும் மூன்று முறை எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்கிப் பார்க்கட்டும்.