ஆயாவின் கதையும் 160 வினாடியும்

அன்புள்ள நண்பா,

மஞ்சக்குப்பம்
ஞாயிறு இரவு

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆகிவிட்டது, பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் உன் கதைதான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு வரி விடாமல் படிக்கிறாள். உன் கதையையும் அவளேதான் முழுசாகப் படித்தாள், படித்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பாண்டியில் உன் வீட்டு வேலை முடிந்துவிட்டதா? லாஸ்பேட்டைப் பக்கம் வரும்போது வந்து பார்க்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம், வாசலில் பலா மரம், அதன் அடியில் தினமும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றும் ஆயா, தானே புயலில் மரம் சாய்ந்த பிறகும் அதே இடத்தில் அவள் ஊற்றிக்கொண்டே இருப்பது. இதை மூன்று நிமிட அனிமேஷன் படமாகப் பண்ணலாம் என்று நீ கேட்டதும் உடனே சரி என்றேன். உட்கார்ந்து எழுத ஆரம்பித்த பிறகுதான் எங்கே இடிக்கிறது என்று தெரிந்தது.

மூன்று நிமிடம் என்பது 180 வினாடி. தலைப்புக்கு 6, கடைசியில் பெயர்கள் ஓட 14 போனால் கதைக்குக் கிடைப்பது 160. வினாடிக்கு 24 ஃபிரேம், ஒரு படத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வரைந்தாலும் 1,920 படம். என்னோடு வரைகிற பையன் ஒருவன்தான். அதனால் ஸ்கிரிப்டில் நான் எழுதுகிற ஒவ்வொரு வரியும் அவன் கைக்கு எத்தனை நாள் வேலை என்பதையும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது. முதல் தடவை உன் கதையில் இருந்ததையெல்லாம் அப்படியே காட்சியாக எழுதி, ஸ்டாப்வாட்சைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் நானே நடித்துப் பார்த்தேன். 5 நிமிடம் 10 வினாடி வந்தது. நடித்துத்தான் பார்க்க வேண்டும். மனசுக்குள் ஓட்டிப் பார்த்தால் எல்லாம் பாதி நேரத்தில் முடிந்துவிடுகிறது. சொம்பை எடுத்து, குனிந்து, தண்ணீரைச் சாய்த்து, நிமிர எனக்கே ஏழு வினாடி ஆகிறது, எண்பது வயது ஆயாவுக்கு எவ்வளவு ஆகும்?

அப்புறம் கதையைப் பிரிண்ட் எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற வாக்கியத்துக்கு அடியில் நீலம், காதில் கேட்கிறதுக்குச் சிவப்பு என்று கோடு போட்டேன். மொத்தம் 92 வாக்கியம், அதில் 31க்குத்தான் நீலம் விழுந்தது. மீதியில் பெரும்பகுதி ஆயா நினைத்தது, கதை சொல்கிற பையனுக்குத் தோன்றியது, ஊரில் வழக்கம். சித்தப்பா கல்யாணம், மண்டியில் பலாப்பழம் பேரம், நஷ்டக் கணக்கு எடுக்க வந்தவர், இந்த மூன்றையும் எடுத்துவிட்டேன். மண்டியை எடுக்க எனக்கு மனசே வரவில்லை, அந்தப் பகுதியில் உன் எழுத்து அவ்வளவு நன்றாக இருக்கிறது, ஆனால் அங்கே ஆயா இல்லை, கூட்டம் இருக்கிறது, கூட்டத்தை வரைவது மாதிரிச் செலவு வேறு எதுவும் கிடையாது.

என்னை ரொம்ப நாள் நிறுத்தி வைத்தது ஒரே ஒரு வினைச்சொல். "தினமும் காலையில் ஆயா மரத்தடியில் தண்ணீர் ஊற்றுவாள்" என்று எழுதியிருக்கிறாய். 'ஊற்றுவாள்' என்று எழுதினால் படிக்கிறவனுக்கு நாற்பது வருஷம் ஒரே சொல்லில் வந்துவிடுகிறது. படத்தில் அந்தச் சொல் கிடையாது. படத்தில் 'ஊற்றினாள்' மட்டும்தான் இருக்கிறது, அந்த ஒரு காலை, அந்த ஒரு சொம்பு. பார்க்கிறவன் இன்றைக்கு ஏதோ ஊற்றுகிறாள் என்று நினைப்பானே தவிர தினமும் ஊற்றுகிறவள் என்று நினைக்க மாட்டான். வாய்ஸ் ஓவரில் சொல்லிவிடலாமா என்று உன் முதல் பத்தியை வாய்விட்டுப் படித்தேன், அறுபது சொல்தான், 34 வினாடி ஓடியது. இருக்கிற நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கு சொல்லிக் காட்டுவதற்கே போய்விட்டால் பார்ப்பதற்கு என்ன மிஞ்சும்? வாய்ஸ் ஓவரையே விட்டுவிட்டேன். படத்தில் ஒரு பேச்சும் இல்லை, ஆயா "ஏய், உள்ள வாடா" என்று கூப்பிடுகிற ஒரு குரலைத் தவிர.

வழி கிடைத்தது இப்படி. ஒரே கோணத்தில், ஒரே தூரத்தில், கேமரா ஒரு அங்குலம்கூட நகராமல் மூன்று தடவை அதே ஷாட். முதல் தடவை முழுசாக: மரத்தின் அடி திரையில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஆயா வலப்பக்கமிருந்து வருகிறாள், ஊற்றுகிறாள், ஈரக் கையை மரத்தில் துடைத்துக்கொள்கிறாள். இரண்டாவது தடவை 4 வினாடி: அதே இடம், மழைக்காலம், தலையில் கோணி, நேராக ஊற்றுகிற இடத்திலிருந்தே தொடங்குகிறது, கையைத் துடைப்பது மட்டும் அதே மாதிரி. இரண்டாவது தடவை பார்த்த உடனே 'தினமும்' என்பது புரிந்துவிடுகிறது. மூன்றாவது புயலுக்குப் பிறகு. மரம் இருந்த பாதித் திரை வெறும் வானம், கீழே குழியை மூடிய மண் மேடு. ஊற்றிவிட்டு ஈரக் கையைத் துடைக்க நீட்டுகிறாள், அங்கே ஒன்றும் இல்லை, கை அப்படியே நிற்கிறது. அந்த இடத்தில் ஒன்றரை வினாடி அசைவே வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். ஒரே பின்னணி ஓவியம் மூன்று ஷாட்டுக்கும் உதவுகிறது என்பது வரைகிறவனுக்கு லாபம், ஆனால் செலவை நினைத்து அப்படி வைக்கவில்லை, திரும்ப வருகிற அதே படம்தான் உன் 'ஊற்றுவாள்'.

புயல் ராத்திரி முதல் ஸ்கிரிப்டில் 40 வினாடி. மழை, காற்றில் முறிகிற கிளை, பறக்கிற கூரை எல்லாம் எழுதியிருந்தேன். உன் கதையில் அந்த 2011 டிசம்பர் 29 ராத்திரி யாருமே வெளியே பார்க்கவில்லை என்பதை மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் கவனித்தேன். பையன் ஆயா மடியில் படுத்துக்கொண்டு கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான். அதனால் கேமராவும் வெளியே போகவில்லை. இருட்டு அறை, ஒரு சிம்னி விளக்கு, கதவின் தாழ்ப்பாள் ஆடுகிறது, காற்றின் சத்தம் ஏறிக்கொண்டே போய் ஒரு கனமான சத்தம், ஆயாவின் கை பையன் காதைப் பொத்துகிறது. அதோடு சத்தமும் மங்கிவிடுகிறது. 14 வினாடி. அடுத்த ஷாட்டில் கதவைத் திறந்ததும் இத்தனை நாள் நிழலாக இருந்த தரையில் வெளிச்சம் வந்து விழுகிறது. மரம் சாய்ந்ததை நாம் பார்க்கவே இல்லை, ஆனால் வெளிச்சம் சொல்லிவிடுகிறது.

இப்போது உன்னிடம் கேட்க வேண்டிய விஷயம். கதை "ஆயா எதற்காக ஊற்றினாள் என்று எனக்கு வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது" என்று முடிகிறது. எழுத்தில் இது சரியான முடிவு. படத்தில் புரிந்ததைக் காட்ட முடியாது, புரிந்தவன் என்ன செய்தான் என்றுதான் காட்ட முடியும். உன் கதை நடுவில் ஒரு வரி போகிற போக்கில் வருகிறதே, ஆயா சாயங்காலத்தில் மர நிழலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுப்பாள் என்று, அதை எடுத்து முடிவில் வைத்தேன். மரம் போன பிறகும் கட்டிலை அதே இடத்தில்தான் போடுகிறாள், வெயில் முகத்தில் அடிக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு படுத்திருக்கிறாள். ஸ்கிரிப்டில் இருப்பது இதுதான்:

"ஷாட் 29. வாசல். சாயங்காலம் 4 மணி. மேலிருந்து. கட்டிலில் ஆயா, முகத்தில் வெயில். இடப்பக்கமிருந்து ஒரு நிழல் மண்ணில் ஊர்ந்து வந்து கட்டில் காலைத் தொட்டு, ஏறி, முகத்தில் நிற்கிறது. ஆயா கண் திறக்கவில்லை, நெற்றிச் சுருக்கம் மட்டும் தளர்கிறது. சத்தம்: தூரத்தில் காக்கை. 9 வினாடி."

ஷாட் 30 வைட், தூரத்திலிருந்து வாசல் முழுவதும் தெரிகிறது. பையன் அந்த மண் மேட்டின் மேல் நிற்கிறான். மரம் நின்ற இடத்தில்.

இதை முதலில் நடுப்பகல் என்றுதான் எழுதியிருந்தேன். சந்தேகம் வந்து அண்ணன் மகனை மொட்டைமாடியில் வெயிலில் நிறுத்திப் பார்த்தேன். மத்தியானம் அவன் நிழல் காலடியிலேயே சுருண்டு கிடந்தது, எங்கிருந்து ஆயா முகத்துக்குப் போகும்? நாலு மணிக்கு மறுபடி நிறுத்தினேன், அவன் உயரத்தைத் தாண்டி நீண்டது. அதனால் நேரத்தை மாற்றினேன், மரம் வாசலுக்கு மேற்கே இருக்க வேண்டும் என்றும் எழுதிவிட்டேன், கூடவே சாயங்கால ஷாட் எல்லாவற்றிலும் நிழல் கிழக்கே விழ வேண்டும் என்றும் குறித்தேன். ஸ்கிரிப்டில் மற்ற ஷாட்டுகளுக்கு மணி எழுதாமல் விட்டதால், ஒவ்வொரு ஷாட்டையும் வரிசையாக வரைந்து பார்த்த முதல் ஸ்டோரிபோர்டில் நிழல் ஷாட்டுக்கு ஷாட் திசை மாறி விழுந்திருந்தது. நிழல்தான் கதை என்று ஆன பிறகு அது சின்னத் தப்பு இல்லை.

ஸ்டோரிபோர்டுப் படங்களை நேரப்படி வரிசையாக ஓடவிட்டு, கையில் இருந்த சத்தங்களைச் சேர்த்து ஒரு அனிமேட்டிக் செய்து, கதை தெரியாத பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் காட்டினேன். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை, என்ன நடந்தது சொல் என்றேன். "பாட்டி வாசல் தெளிக்கிறாங்க, அப்புறம் மழை வந்துச்சு" என்றாள். பொதுவாகக் கேட்டிருந்தால் நல்லா இருக்கு என்று சொல்லியிருப்பாள், எனக்கு இது தெரிந்தே இருக்காது. காரணம் தேடினால், முதல் ஷாட்டில் மரத்தைத் திரை ஓரத்தில் வைத்திருந்தோம், தண்ணீர் தரையில் விழுகிறது போலத்தான் தெரிந்தது. மரத்தைப் பாதித் திரைக்குக் கொண்டுவந்ததும், தண்ணீர் வேரில் வழிவதற்கு ஒரு 2 வினாடி குளோசப் சேர்த்ததும் அதற்குப் பிறகுதான். அந்த 2 வினாடியைப் புயல் முடிந்த காலைக் காட்சியிலிருந்து எடுத்தேன். இரண்டாவது ஆளுக்குக் காட்டியபோது, "மரம் போனதை அந்தம்மா மறந்துட்டாங்களா, இல்ல மறக்க மாட்டேங்கறாங்களா?" என்று கேட்டார். உன் கதை கேட்கிற கேள்வியும் அதுதானே.

இப்போது மொத்தம் 31 ஷாட், 160 வினாடி சரியாக நிற்கிறது. முடிவை மாற்றியது உனக்குச் சம்மதமா என்று நீ சொல்லாமல் ஒரு ஃபிரேம்கூட வரையச் சொல்ல மாட்டேன். சம்மதம் என்றால் இரண்டு விஷயம் வேண்டும். ஆயா சொம்பை எந்தக் கையில் பிடிப்பாள், துடைத்தது உள்ளங்கையா புறங்கையா? அதை உன்னைத் தவிர யாரும் சொல்ல முடியாது. இன்னொன்று, காய்ந்த பலா இலை கெட்டியாக இருக்குமே, மண்ணில் விழும்போது வருகிற சத்தம் எனக்கு வேண்டும். கடலூர் டவுனில் பஸ் சத்தம் இல்லாமல் ஒரு நிமிடம் கிடைக்கவில்லை. அடுத்த ஞாயிறு நீ ஊருக்குப் போவதாக இருந்தால் சொல், ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்