அந்தப் பொத்தானை எங்களிடம் கேட்காமல் அழுத்தாதீர்கள்

எங்கள் சனல்களை நிர்வகிக்கும் கொழும்பு நிறுவனத்தின் உள்ளடக்கப் பிரிவினருக்கு,

வணக்கம்.

மண்சரிவு அறிகுறிகள் பற்றிய காணொளிக்கு என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். அதை அழித்து மறுபடி ஏற்றியவர்களே நீங்கள்தான் என்பதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லப்போவதில்லை. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துச் சனல்களுக்குப் படத்தொகுப்புச் செய்யும் நாங்கள் கேட்பது ஒன்றுதான். யூடியூபில் ஒரு காணொளிக்கு விளம்பரம் மட்டுப்பட்டதைக் காட்டும் மஞ்சள் டொலர் குறி விழுந்தால், எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அந்த முடிவை மறுபரிசீலிக்கக் கேட்கும் Request review பொத்தானை அழுத்தாதீர்கள். காணொளியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றவும் வேண்டாம்.

மலையில் இருப்பவர்களுக்கு மஞ்சள் புதிதல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையில் மஞ்சள் முதல் நிலை. மஞ்சள் என்றால் விழிப்பாக இரு, செம்மஞ்சள் என்றால் தயாராக இரு, சிவப்பு என்றால் வீட்டை விட்டு வெளியேறு. யூடியூபின் மஞ்சளும் ஏறத்தாழ அப்படித்தான். விளம்பரம் குறைந்திருக்கிறது அல்லது நின்றிருக்கிறது, கவனி என்பதே அதன் பொருள். காணொளி தளத்திலேயே இருக்கும், பார்ப்பவர்கள் பார்க்கலாம், பிரீமியம் சந்தாதாரர் பார்த்தால் அந்தப் பங்கும் வரும். மஞ்சளைக் கண்டதும் குடியிருக்கும் லயத்தையே இடித்துவிட்டு ஓடுவது யாருடைய யோசனை என்று தெரியவில்லை.

அந்தக் காணொளி ஏன் மஞ்சளானது என்று ஒரு தரமாவது பார்த்தீர்களா? 14 நிமிடம் 20 விநாடிப் படம் அது. சுவரிலும் நிலத்திலும் புதிதாக ஓடும் வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரென்று கலங்கி ஓடும் அல்லது வற்றிப்போகும் ஊற்று ஆகியவற்றை எப்படிக் கவனிப்பது என்பதுதான் அதில் இருந்தது. நாங்கள் அனுப்பிய தலைப்பு "லயத்துக்குப் பின்னால் மண் நகர்கிறதா? கவனிக்க வேண்டிய அறிகுறிகள்". நீங்கள் அதை "பிணக்குவியல்! அதிர வைக்கும் மண்சரிவுக் காட்சிகள்" என்று மாற்றினீர்கள். தம்நெயிலில் வெள்ளைத் துணி போர்த்திய உடல்கள், அவற்றைச் சுற்றிச் சிவப்பு வட்டம், போதாததற்கு ஓர் அம்புக்குறி. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தயில் மண்ணுக்குள் போன குடும்பங்களின் உறவினர்கள் இன்றும் இந்த மலையில்தான் இருக்கிறார்கள். அது மனச்சாட்சி பற்றிய பேச்சு, ஒருபுறம் இருக்கட்டும். வரவு செலவுக் கணக்குக்கே வருகிறோம்.

விளம்பரத்துக்குப் பொருத்தமா என்று பார்க்கும்போது படத்தை மட்டும் பார்ப்பதில்லை. தலைப்பு, தம்நெயில், விவரக்குறிப்பு, டேக் எல்லாமே அந்த மதிப்பீட்டுக்குள் வருகின்றன. பேரழிவைத் தகவலாகச் சொல்வது ஒன்று, அதிர்ச்சியை முன்னே நிறுத்தி ஆள் பிடிப்பது வேறொன்று. விளம்பர விதிகளில் அதிர்ச்சி தரும் உள்ளடக்கம், உணர்வுபூர்வமான நிகழ்வுகள் என்று தனித்தனிப் பிரிவுகளே இருக்கின்றன. கல்விக்காகவோ செய்திக்காகவோ காட்டுகிறோம் என்பதற்கு அந்த விதிகளில் இடம் உண்டு. அந்த நோக்கத்தை முதலில் சொல்வது தலைப்பும் தம்நெயிலும்தான். அவை இரண்டும் "பிணம்" என்று கத்தும்போது, உள்ளே 13 நிமிடம் ஊற்றுத் தண்ணீரைப் பற்றிப் பேசி என்ன பயன்?

ஏற்றும்போது காணொளியில் என்னென்ன இருக்கிறது என்று கேட்கும் Ad suitability கேள்விகளில் நேரே அடிக்குப் போய் None of the above என்று குறித்திருக்கிறீர்கள். உள்ளே 1:08இலிருந்து 1:30 வரை, மீட்புப் பணியின் பழைய காட்சியில், சேறு படிந்த ஓர் உடல் தெளிவாகவே தெரிகிறது. அதை ஒப்புக்கொண்டு, தகவலுக்காகக் காட்டியது என்று பொருந்தும் வரியைத் தெரிவு செய்திருக்க வேண்டும். ஒப்புக்கொண்டால் பணம் போய்விடும் என்பது உங்கள் பயம். ஆனால் அந்தப் பட்டியலில் ஒன்றைக் குறித்த எல்லாமே மஞ்சளாவதில்லை. நம் பதிலும் தளத்தின் முடிவும் தொடர்ந்து ஒத்துப்போனால், அடுத்தடுத்த காணொளிகளில் நம் சொல்லுக்கு மதிப்புத் தருவார்கள். ஒத்துப்போகாவிட்டால் இயந்திரத்தின் கணிப்பையே நம்புவார்கள். நீங்கள் எல்லாக் காணொளிக்கும் கண்ணை மூடிக்கொண்டு "ஒன்றுமில்லை" என்று குறிக்கிறீர்கள், சனலின் நம்பிக்கைதான் கரைகிறது. கொழுந்து நிறுக்கும் தராசில் தண்ணீருக்கும் கூடைக்கும் கழிவு வெட்டுவார்கள், அது எங்களுக்குப் பழக்கம்தான். இங்கே தராசையே நீங்கள் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்.

மஞ்சள் விழுந்ததும் நீங்கள் செய்ததைப் பற்றிச் சொல்லித்தான் ஆக வேண்டும். காணொளியை அழித்தீர்கள். அதே தலைப்பு, அதே தம்நெயிலோடு மறுபடி ஏற்றினீர்கள். மறுபடியும் மஞ்சள். ஒன்றையும் மாற்றாமல் பரிசீலனை கேட்டீர்கள். யூடியூபின் ஆள் ஒருவர் பார்த்து, மஞ்சள் சரிதான் என்று உறுதி செய்துவிட்டார். ஒரு காணொளிக்கு அந்தக் கோரிக்கை ஒரே ஒரு தடவைதான். பரிசீலிப்பவர் சொன்னதே முடிந்த முடிவு. அதற்குப் பிறகு நாங்கள் தம்நெயிலை மாற்றினாலும் மறுபடி கேட்க வழியில்லை.

முதல் காணொளியின் கீழ் 41 பின்னூட்டங்கள் இருந்தன. "எங்கட லயத்துப் பின்சுவரிலும் இப்படித்தான் வெடிச்சிருக்கு, யாரிட்ட சொல்றது" என்று தோட்டத்தின் பெயர், டிவிஷனின் பெயர் போட்டு எழுதியிருந்தார்கள். கிராம சேவகரிடம் சொல்லுங்கள், மாவட்ட இடர் முகாமைத்துவப் பிரிவுக்கு அறிவியுங்கள் என்று சனல்காரர் ஒவ்வொன்றாகப் பதில் எழுதிக்கொண்டிருந்தார். பாதிக்குத்தான் எழுதினார். காணொளியை அழித்ததும் அந்த 41உம் போய்விட்டன. வட்ஸ்அப்பில் கைமாறிக்கொண்டிருந்த இணைப்பைத் தொட்டால் காணொளி இல்லை என்று வந்தது. மழை விடாத இரண்டு நாட்கள் அவை. இழந்த விளம்பரப் பணத்தை உங்கள் அறிக்கையில் டொலரில் எழுதியிருந்தீர்கள். இதை எந்த நிரலில் எழுதுவது என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

செய்திருக்க வேண்டியது அரை மணி நேர வேலை. முதலில் தலைப்பையும் தம்நெயிலையும் திருத்துவது. உடல்களுக்குப் பதிலாக வெடித்த சுவரின் படம் போதும், கையில் அளவுகோல் பிடித்து நாங்களே எடுத்துத் தந்த படம் இருந்தது. அடுத்தது அந்த 22 விநாடிகள். கணினியில் YouTube Studio திறந்து, காணொளிக்குள் போய், Editor பகுதியில் Trim & cut தெரிவு செய்து New cut கொடுத்தால் சிவப்புப் பெட்டி வரும். அதன் இரு ஓரங்களையும் 1:08க்கும் 1:30க்கும் இழுத்து, சரி என்ற குறியை அழுத்தி, Save கொடுக்க வேண்டும். காட்சி தேவை, உடல் மட்டும் தெரியக்கூடாது என்றால் வெட்டாமல் Blur பகுதியில் Custom blur எடுத்து அந்த இடத்தை மூடலாம். கெமரா அசைவதால் Track object தெரிவு செய்ய வேண்டும், இல்லாவிட்டால் மங்கல் ஓரிடத்தில் நிற்க, உடல் நகர்ந்து வெளியே வந்துவிடும். சேமித்த பின் மாற்றம் வரச் சில மணி நேரம் ஆகலாம், அதுவரை பழைய படமே ஓடும். இணைப்பு மாறாது, பார்வை எண்ணிக்கையும் பின்னூட்டங்களும் அப்படியே இருக்கும். பிழைத்துப் போனால் Revert to original உண்டு.

வெட்டினால் ஒரு சில்லறை வேலை மிஞ்சும், மறந்துவிடுவார்கள் என்பதால் சொல்கிறோம். விவரக்குறிப்பில் உள்ள அத்தியாய நேரங்கள் தாமாக நகராது. வெட்டுக்குப் பிறகு வரும் ஒவ்வொன்றிலும் 22 விநாடியைக் கழிக்க வேண்டும். 3:40இல் இருந்த சுவர் வெடிப்பு 3:18க்கும், 7:05இல் இருந்த ஊற்று 6:43க்கும் வரும்.

இவ்வளவும் முடிந்த பின், திருத்திய படம் ஓடுவதை நம் கண்ணால் பார்த்த பின்தான் Content பக்கத்தில் மஞ்சள் குறியின் மேல் சுட்டியை வைத்து Request review கேட்க வேண்டும். சில வேளை திருத்தியதுமே குறி பச்சையாகிவிடும், அப்போது கேட்கவே தேவையில்லை. முடிவு வழக்கமாக ஏழு நாட்களுக்குள் வரும். பச்சையானாலும் மஞ்சளில் கழிந்த நாட்களின் பணம் திரும்பி வராது. அதனால்தான் வெளியிடுமுன் Unlisted நிலையில் ஏற்றி, யூடியூப் செய்யும் Checks சோதனை முடியும்வரை காத்திருங்கள் என்று நச்சரிக்கிறோம். அதற்கும் உங்களுக்குப் பொறுமையில்லை. ஒப்பந்தப்படி பங்கை எடுப்பதில் மட்டும் ஒரு மாதம்கூடப் பிந்தியதில்லை, பழைய பெரிய கங்காணிமார் ஞாபகத்துக்கு வருகிறார்கள்.

கோபத்தில் கொஞ்சம் கூடப் பேசிவிட்டோம், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது மறுபடியும் அதுவேதான். எங்களிடம் கேட்காமல் பரிசீலனைப் பொத்தானை அழுத்த வேண்டாம், காணொளியை அழிக்க வேண்டாம். தலைப்பையும் தம்நெயிலையும் மாற்றுவதாயின் ஒரு குறுஞ்செய்தி போடுங்கள்.

இப்போது கோயில் திருவிழாக் காணொளியும் மஞ்சளில் நிற்கிறது. 6:10இல் கிடாய் வெட்டும் 16 விநாடிகள்தான் காரணமாக இருக்க வேண்டும். அதை இன்றிரவு வெட்டிச் சேமிக்கிறோம். தம்நெயிலில் இருக்கும் கத்தியையும் எடுத்துவிட்டுக் காவடிப் படம் வைக்கிறோம். நாளை மாலை நாங்கள் சொல்லும்வரை அதில் தயவுசெய்து யாரும் கைவைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மலையகச் சனல்களின் படத்தொகுப்பாளர்கள்