வாடினதும் அளிந்ததும்

சைதாப்பேட்டை,
ஞாயிறு மதியம்

அன்புள்ள சரவணா,

நீ அனுப்பிய இரண்டு போட்டோவையும் உன் தங்கை போனில் பெரிதாக்கிக் காட்டினாள். இருபத்திரண்டு வருஷம் மார்க்கெட் வாசலில் கீரைக்கூடை வைத்து உட்கார்ந்தவள் பெற்ற பிள்ளை, சட்னி அரைக்கவேண்டிய கொத்தமல்லியைக் குப்பையில் போட்டுவிட்டு, குப்பையில் போடவேண்டியதைச் சட்னி அரைத்துச் சாப்பிட்டிருக்கிறாய். வயிறு ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னாயே, அதுவரைக்கும் சரி. போனில் சொல்ல ஆரம்பித்தால் "சரிம்மா, சரிம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் போட்டோவில் இருந்தது செவ்வாய்க்கிழமை வாங்கி, ஃப்ரிட்ஜில் வைக்க மறந்து அடுப்பு மேடையிலேயே விட்ட கட்டு. தலை தொங்கிப்போய், இலையெல்லாம் துணி மாதிரி துவண்டு கிடந்தது. ஆனால் நிறம் பச்சைதான். தண்டில் ஈரப் பிசுக்கு இல்லை. அது கெட்டுப்போனது இல்லை, வாட்டம். பிடுங்கின பிறகும் கீரைக்கு உயிர் இருக்கிறது. இலை வழியாகத் தண்ணீர் வெளியே போய்க்கொண்டே இருக்கும், வேர் வழியாக வருவது மட்டும் நின்றுவிடும். நம் ஊரில் முன்பு விற்ற தண்ணீர் பாக்கெட்டை நினைத்துக்கொள். முழுதாக இருந்தால் விறைப்பாக நிற்கும். பாதி குடித்துவிட்டு வைத்தால் தொய்ந்து படுக்கும். தொய்ந்ததால் பாக்கெட் கிழிந்துவிட்டது என்று அர்த்தமா? இலைக்குள்ளே அந்த மாதிரி கண்ணுக்குத் தெரியாத பாக்கெட்டுகள் லட்சக்கணக்கில் இருக்கின்றன. வாட்டம் என்பது அவற்றில் தண்ணீர் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். புனேயில் வெயில் காலத்தில் காற்று காய்ந்து கிடக்கும் என்கிறாய். அங்கே அரை நாளில் துவண்டுவிடும்.

இனிமேல் அப்படி ஆனால் கட்டைப் பிரி. வேரோடு சேர்த்துத் தண்டின் அடியில் ஒரு விரல் அகலம் நறுக்கிப் போடு. பழைய அடி காய்ந்து மூடிப்போயிருக்கும், அதை வெட்டினால்தான் தண்ணீர் ஏறும். ஒரு டம்ளரில் இரண்டு அங்குல உயரத்துக்குக் குளிர்ந்த தண்ணீர் விட்டு, பூங்கொத்து மாதிரி நிற்க வை. இலை தண்ணீரில் முங்கக் கூடாது. அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தலை தூக்கும். அரைக்கீரை, சிறுகீரை என்றால் அப்படியே ஒரு பாத்திரத்துக் குளிர்ந்த தண்ணீரில் கால் மணி நேரம் போட்டு எடு. அப்புறமும் எழுந்திருக்கவில்லை என்றால் ரொம்ப நாள் ஆகிவிட்டது, வாசனையும் சத்தும் கொஞ்சம் போயிருக்கும். அப்போதும் அது விஷமில்லை. ரசத்தில் போடு, பருப்போடு கடை.

இரண்டாவது போட்டோதான் விஷயம். அது ஆர்டர் செய்து வந்த கொத்தமல்லி, மூடின பிளாஸ்டிக் கவரோடு ஃப்ரிட்ஜில் ஐந்து நாள். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதனால்தான் ஏமாந்தாய். கவரின் அடியில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் நின்றதைப் பார்த்தாயா? ரப்பர் பேண்டு போட்டிருந்த இடத்தில் தண்டு கறுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டியிருந்தது. கழுவினேன், வழவழப்பு போய்விட்டது என்கிறாய். போனது மேலே இருந்த பிசுக்குதான்.

அங்கே பாக்கெட் கிழிந்துவிட்டது. மண்ணிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வந்த பாக்டீரியா எந்தக் கீரையின் மேலும் இருக்கத்தான் செய்யும். ஈரமில்லாத இலையில் சும்மா கிடக்கும். ஈரம் நின்று, காற்றும் போகாமல், நசுங்கின இடம் ஒன்று கிடைத்தால் வேலையை ஆரம்பிக்கும். இலையின் பாக்கெட்டுகளை ஒன்றோடு ஒன்று ஒட்டி வைத்திருக்கிற பெக்டின் என்ற பசையை அதில் சில வகைகள் கரைத்துவிடும் என்று உன் தங்கை காலேஜில் படித்ததைச் சொன்னாள். பசை கரைந்தால் உள்ளே இருக்கிற சாறு வெளியே வரும். உன் விரலில் பட்ட கொழகொழப்பு அந்தச் சாறும் பாக்டீரியாவும்தான். இதைத்தான் நாங்கள் மார்க்கெட்டில் "அளிஞ்ச கட்டு" என்போம். வாடினதைத் தண்ணீர் தெளித்து எழுப்பலாம். அளிந்ததை எழுப்ப ஒரு வழியும் கிடையாது.

அழுக வைக்கிற பாக்டீரியா பெரும்பாலும் கீரையைத்தான் தின்னும், மனிதனை ஒன்றும் செய்யாது. ஆனால் அது திறந்துவிட்ட சாறு மற்றக் கிருமிகளுக்கும் சாப்பாடு. வயிற்றுப்போக்கு கொடுக்கிற ஜாதி ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் அங்கே பெருகிவிடும். பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. கொதிக்க வைத்தால் பெரும்பாலும் செத்துவிடும். ஆனால் சட்னியை நீ கொதிக்க வைக்கவில்லையே. அதனால்தான் பச்சையாகச் சாப்பிடுகிற கொத்தமல்லி, புதினாவுக்கு என் கணக்கு கடுமை, வேகவைக்கிற கீரைக்குக் கொஞ்சம் இளக்கம். உப்புத் தண்ணீர், மஞ்சள் தண்ணீரில் ஊறவைத்தால் சரியாகிவிடும் என்று உன் அறை நண்பன் சொன்னானாமே. மண்ணும் பூச்சியும் போகும். அளிந்தது அளிந்ததுதான்.

கண்ணை நம்பாதே, விரலை நம்பு. கட்டைப் பிரித்து, நடுவிலிருந்து ஒரு தண்டை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் வைத்து இழு. வாடின தண்டு வளையும், ஆனால் தோல் அப்படியே இருக்கும். அளிந்த தண்டின் தோல் கழன்று விரலோடு வரும், நாரும் சதையும் தனித்தனியாகிவிடும். அப்புறம் மூக்கு. கொத்தமல்லிக்குக் கொத்தமல்லி வாசனை வரவேண்டும். சாக்கடையோ அழுகின முட்டைக்கோஸோ ஞாபகம் வந்தால் அதோடு முடிந்தது.

ஓர் ஓரத்தில் நாலு இலை மட்டும் கொழகொழத்திருந்தால் முழுக்கட்டையும் எறியவேண்டாம். அந்த நாலையும், அதைத் தொட்டுக்கொண்டிருந்ததையும் எடுத்துப் போடு. மிச்சத்தை மோந்து பார்த்து, கழுவி, அன்றைக்கே வேகவைத்துச் சாப்பிடு. சட்னி வேண்டாம். கட்டு போட்ட இடத்தில் நடுவே அளிந்திருந்தாலோ, கவரின் அடியில் சாறு தேங்கியிருந்தாலோ பொறுக்கிக்கொண்டு உட்காராதே. சாறு எல்லாவற்றின் மேலும் ஓடியிருக்கும். முழுசாகப் போடு, கவரையும் சேர்த்து.

நடுக்கட்டு எப்படிக் கெடும் என்று எனக்கு ஒரே ராத்திரியில் தெரிந்தது. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. ஐப்பசி மழை. கோயம்பேட்டிலிருந்து வந்த கட்டுகளில் நாற்பது விற்காமல் நின்றுவிட்டன. நனையக் கூடாது என்று எல்லாவற்றையும் அடுக்கி, தார்ப்பாயால் இறுக்கி மூடிவிட்டுப் படுத்தேன். விடியற்காலையில் பாயைத் தூக்கி உள்ளே கை விட்டால் சூடு. காய்ச்சல் வந்த குழந்தையின் நெற்றி மாதிரி சூடு. கீரை மூச்சு விடும்போது சூடு வரும், குவித்து மூடினால் அது போக இடமில்லை. மேலே இருந்தது பச்சைப்பசேல் என்று சிரித்தது, நடுவெல்லாம் கறுத்து வழிந்தது. பெரிய கஷ்டம் அந்த வாரம். அதற்குப் பிறகு மழையாக இருந்தாலும் கட்டுகளை இடைவெளி விட்டு நிற்கவைத்து, மேலே ஈரச்சாக்கு மட்டும் போட்டேன். இன்னொன்றும் சொல்கிறேன், கடைக்காரி ரகசியம்: வெயில் ஏறின பிறகு தண்ணீர் அடித்து அடித்து விற்கிற கட்டு கண்ணுக்குப் புதுசாக இருக்கும், ஆனால் நடுவில் ஈரம் தேங்கியிருக்கும். வாங்கினால் அன்றைக்கே சமைத்துவிடு.

அளிந்ததா இல்லையா என்று குழம்ப வைக்கிற மூன்று விஷயம் இருக்கிறது. பசலைக்கீரை நறுக்கினால் கையெல்லாம் கொழகொழ என்று வரும், அது அதன் பிறவிக்குணம். கொழகொழப்பு நறுக்கின இடத்தில்தான் வரவேண்டும், முழு இலையின் மேல் இருந்தால்தான் சந்தேகம். மஞ்சளான இலை வயதானது. கசக்கும், பொறுக்கிப் போடு, பயப்பட ஒன்றுமில்லை. பழுத்த வாழைப்பழத்துக்கும் தக்காளிக்கும் பக்கத்தில் வைத்தால் சீக்கிரம் மஞ்சளாகும், அந்தப் பழங்களிலிருந்து வருகிற வாயு அப்படி. மூன்றாவது, உன் குட்டி ஃப்ரிட்ஜ். ஃப்ரீசருக்குக் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் வைத்தால் இலை உறைந்துவிடும். வெளியே எடுத்ததும் கண்ணாடி மாதிரி கரும்பச்சையாகித் தொங்கும், நனைந்தும் இருக்கும். பார்த்தால் அளிந்தது போலவே இருக்கும், ஆனால் நாற்றமும் பிசுக்கும் இருக்காது. ஐஸ் குத்திப் பாக்கெட் கிழிந்திருக்கிறது, பாக்டீரியா இன்னும் வரவில்லை. உடனே அடுப்பில் ஏற்றினால் சாப்பிடலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் வந்துவிடும்.

வாங்கி வந்ததும் ரப்பர் பேண்டை அறுத்துவிடு. நசுங்கினது, மஞ்சள், வேரில் ஒட்டின மண் எல்லாவற்றையும் போக்கிவிட்டு, கழுவாமல், காய்ந்த பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி டப்பாவில் வை. இரண்டு நாளைக்கு ஒருமுறை துணி ஈரமாக இருந்தால் மாற்று. கொத்தமல்லி ஒரு வாரம் தாங்கும். அரைக்கீரையை இரண்டு நாளுக்கு மேல் நம்பாதே. கழுவி வைத்தால்தான் சௌகரியம் என்றால் கழுவு, ஆனால் மின்விசிறிக்குக் கீழே துணி விரித்துச் சொட்டு ஈரம் இல்லாமல் காயவிட்டு வை.

வேட்டித் துணிக்கு எங்கே போவேன் என்று கேட்பாய். அப்பாவின் பழைய எட்டு முழத்தைக் கிழித்து ஆறு துண்டு வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் அந்தப் பக்கம் வருகிற எதிர்வீட்டுப் பையனிடம் கொடுத்து அனுப்புகிறேன். போன தடவை நீ எடுத்துப்போன பெரிய டப்பாவின் மூடி இங்கேதான் கிடக்கிறது, அதையும் சேர்த்து அனுப்புகிறேன்.

அம்மா