சம்பளம் கூடினால் கெட்டிக்காரர்கள் வந்துவிடுவார்களா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் ஆசிரியர், நானும் ஆசிரியை என்பதால் உரிமையுடன் எழுதுகிறேன். "சம்பளத்தை உயர்த்தினால் கெட்டிக்காரர்கள் தாமாகவே ஆசிரியர் வேலைக்கு வருவார்கள்" என்று சென்ற வாரக் கட்டுரையில் அச்சிட்டிருந்தீர்கள். அப்படியானால் முப்பத்தோர் ஆண்டுகள் பாடம் நடத்திய நாங்களெல்லாம் யார் என்று சொல்லவில்லை. நன்றி.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். நாட்டில் ஏறத்தாழ 4 லட்சம் ஆசிரியர்கள் இருக்கிறோம். ஆளுக்கு மாதம் 100 ரிங்கிட் கூட்டினால் ஆண்டுக்கு 48 கோடி ரிங்கிட் ஆகும். அதில் பெரும்பகுதி ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களுக்கே போய்ச் சேரும். ஓய்வுபெற ஓராண்டே இருந்தபோது எனக்கும்தான் சம்பளம் கூடியது. அதனால் நான் புதிதாகக் கெட்டிக்காரியாகவில்லை. ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் புதிதாகச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே பணத்தை முதல் நான்கு ஆண்டுக்காரர்களுக்கு மட்டும் கொடுத்தால், ஆளுக்கு மாதம் 1,000 ரிங்கிட் கிடைக்கும். வேலையைத் தேர்ந்தெடுக்கும் இருபத்து மூன்று வயதுக்காரன் கண்ணில் படுவது இதுதான்.

பின்லாந்தில் ஆசிரியர் சம்பளம் ஒன்றும் கொட்டிக் கொடுப்பதல்ல. ஆனால் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே இடம். சிங்கப்பூரில் முதலில் ஆளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியின்போதே சம்பளமும் கொடுக்கிறார்கள். வாசலைக் குறுக்கினால் மதிப்பு வருகிறது. கதவை அகலத் திறந்துவிட்டுச் சம்பளத்தை மட்டும் கூட்டினால் கூட்டம்தான் வரும். நம் 2013 கல்வித் திட்டமும் பட்டதாரிகளில் முதல் 30 விழுக்காட்டினரையே ஆசிரியர்களாக எடுக்க வேண்டும் என்றது. அதே திட்டம்தான் ஆசிரியர்கள் சராசரியாக வாரத்துக்கு 57 மணி நேரம் உழைப்பதாகவும் சொன்னது. அந்த வரியை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

வாசலைக் குறுக்குவதிலும் சிக்கல் உண்டு. ஆள் குறைந்தால் முதலில் காலியாவது தோட்டப்புறப் பள்ளிதான். அதைத் தாங்கும் ஏற்பாடு இல்லாமல் பின்லாந்தைக் காட்டிப் பயனில்லை.

என் மாணவன் ஒருவன் எஸ்.பி.எம். தேர்வில் ஒன்பது ஏ வாங்கி, ஆசிரியர் கல்விக் கழகத்துக்கு விண்ணப்பித்தான். வீட்டில் மூன்று நாள் யாரும் பேசவில்லையாம். "ஒன்பது ஏ வாங்கிவிட்டு வாத்தியார் வேலையா?" என்று அவன் தாய்மாமா என்னிடமே கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "உங்களைச் சொல்லவில்லை டீச்சர்" என்றார். பையன் மெட்ரிகுலேஷனுக்குப் போய்விட்டான். சம்பளம் எவ்வளவு என்று அந்த வீட்டில் ஒருவரும் கேட்கவே இல்லை!

மே 16 வந்தால் உங்கள் இதழில் ஆசிரியர் தின வாழ்த்து விளம்பரங்கள் பக்கம் பக்கமாக வருகின்றன. எஸ்.பி.எம். முடிவு வந்தால் மருத்துவர், பொறியாளர் ஆகப்போகிறவர்களின் படங்கள் மட்டுமே வருகின்றன. அடுத்த ஆண்டு அந்தப் பக்கத்தில் ஆசிரியர் ஆக விரும்பும் ஒரு பிள்ளையின் படத்தையும் போடுங்கள். மூலையில் சிறியதாகப் போட்டாலும் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
பட்டர்வொர்த், பினாங்கு