ஆப் காட்டும் நூறு சதவீதமும் பி1 தேர்வும்: ஜெர்மனிக்குச் செவிலியர்களை அனுப்பும் பயிற்சி மையங்களுக்கு ஒரு திறந்த மடல்

மையப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

உங்கள் மையங்களில் படித்துவிட்டு, கடைசி நேரத்தில் என்னிடம் தனிப்பாடத்துக்கு வரும் செவிலியர்களுக்கு நான் ஜெர்மன் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்களில் பலர் கைப்பேசியை நீட்டி ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டுகிறார்கள். மொழி கற்கும் ஆப்பில் "பி1 நிறைவு" என்று பச்சை வட்டம் போட்டிருக்கும். அதை வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டுதான் நீங்கள் பி1 என்ற இடைநிலைத் தரத்துக்குக் கோதே நிறுவனம் நடத்தும் ஜெர்மன் தேர்வுக்குத் தேதி எடுக்கிறீர்கள் என்கிறார்கள். அந்த வட்டத்தை நம்பித் தேதி எடுக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்த மடல். ஆப்பே வேண்டாம் என்று சொல்லவில்லை. சொற்களை மனதில் ஏற்ற என் மாணவிகளும் பேருந்தில் அதைத்தான் தட்டிக்கொண்டு வருகிறார்கள்.

முதலில் அந்த சதவீதம் எதை எண்ணுகிறது என்று பாருங்கள். பெரும்பாலான ஆப்களில் அது முடித்த பாடங்களின் கணக்கு. தப்பாகப் போட்ட கேள்வி பாடத்தின் கடைசியில் திரும்ப வரும், சரியாகப் போடும்வரை வந்துகொண்டே இருக்கும். பொறுமையாக உட்கார்ந்தால் யாருக்கும் நூறு கிடைத்தே தீரும். போதாததற்கு, சொல்லைத் தொட்டால் அர்த்தம் தெரியும், ஒலியை எத்தனை முறை வேண்டுமானாலும் கேட்கலாம், வேகத்தைக் குறைத்தும் கேட்கலாம். "பி1 தரத்துக்கு ஏற்ற பாடம்" என்றால் பாடத்திட்டத்தை அந்தத் தரத்தை ஒட்டி அமைத்திருக்கிறார்கள் என்றுதான் பொருள். படித்தவர் அந்தத் தரத்துக்கு வந்துவிட்டார் என்று அங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

தேர்வு கேட்பது வேறு. வாசித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். ஒவ்வொன்றுக்கும் 100 மதிப்பெண், ஒவ்வொன்றிலும் தனித்தனியே 60 எடுத்தாக வேண்டும். ஒன்றில் மிஞ்சியது இன்னொன்றுக்குக் கைகொடுக்காது. இது உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் ஆப்பின் ஒற்றை எண்ணைப் பார்த்து முடிவெடுக்கும்போது இது மறந்துபோகிறது.

அண்மையில் வந்த ஒரு மாணவியின் கதையைச் சொல்கிறேன். ஐ.சி.யு.வில் வேலை பார்த்த கெட்டிக்காரப் பெண். ஆப்பில் பி1 முழுதும் முடித்திருந்தார். கோதே நிறுவனம் தன் இணையதளத்தில் இலவசமாகத் தரும் மாதிரித் தேர்வை, கடிகாரத்தை வைத்து, இடையில் நிறுத்தாமல் எழுதச் சொன்னேன். வாசித்தலில் 30-க்கு 22 சரி, அதாவது 73 மதிப்பெண். நல்ல தேர்ச்சி. ஆப் கற்றுத்தந்தது வீண்போகவில்லை.

கேட்டலில் 30-க்கு 16, அதாவது 53. "இன்னும் ரெண்டு கேள்விதானே சார்" என்றார். அங்கேதான் சிக்கல். இந்தப் பகுதியில் 12 கேள்விகள் சரியா தவறா வகை. மீதி 18-ல் மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு சொல்கூடப் புரியாமல் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலே சராசரியாக முதல் வகையில் ஆறும் இரண்டாவதில் ஆறும், ஆக 12 சரியாக விழும். அதுவே 40 மதிப்பெண். ஆகவே 16 என்பது குருட்டுக்குறிக்கு மேல் நாலு கேள்வி மட்டும்தான். எங்கே விட்டார் என்று பார்த்தால், நான்கு பாகங்களில் இரண்டாவதிலும் மூன்றாவதிலும். முதல் பாகமும் கடைசிப் பாகமும் இரண்டு முறை ஒலிக்கும். நடுவில் உள்ள இந்த இரண்டும் ஒரே முறைதான். மறுபடி கேட்கும் பொத்தானிலேயே பழகிய காது, முதல் வாக்கியம் நழுவியதும் அதையே நினைத்துக்கொண்டு அடுத்த மூன்றையும் விட்டுவிடுகிறது.

எழுதுதலில் 46. அறுபது நிமிடத்தில் மூன்று எழுத்துப் பணிகள்: நண்பருக்கு ஒரு மின்னஞ்சல், ஒரு விவாதத்தில் தன் கருத்து, இரண்டும் சுமார் 80 சொற்கள், கடைசியாக முறையான மின்னஞ்சல் ஒன்று, சுமார் 40 சொற்கள். ஆப்பில் "வைல் இஷ் கிராங்க் பின்" என்று சொற்கட்டைகளை அடுக்கச் சொன்னால் இந்தப் பெண் நொடியில் அடுக்குவார். "எனக்கு உடம்பு சரியில்லாததால்" என்பதைத் தானே எழுதியபோது "வைல் இஷ் பின் கிராங்க்" என்று எழுதினார், வினை கடைசிக்குப் போகவில்லை. வகுப்புப் பொறுப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சலில் மரியாதைக்குரிய "ஸீ" வரவேண்டிய இடமெல்லாம் "டூ". கட்டைகளில் விடை முழுக்கக் கண்முன்னே இருக்கிறது, வரிசைதான் பாக்கி. வெற்றுத்தாளில் எதுவும் இல்லை. இன்னொன்றும் உண்டு: கேட்டதைவிட்டு வேறெதையோ எழுதினாலோ, கேட்ட அளவில் பாதிகூட எழுதாவிட்டாலோ, மொழி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்தக் கேள்விக்கே பூஜ்யம். எந்தச் சதவீத வட்டமும் இதைச் சோதிப்பதில்லை.

பேசுதலில் 61 வந்தது, ஆனால் தட்டுத்தடுமாறி. மருத்துவமனையில் இருக்கும் வகுப்புத் தோழரைப் பார்க்கப் போவதைச் சேர்ந்து திட்டமிடுங்கள் என்பது போன்ற கேள்வி. எதிரே இருந்த மாணவி "சனிக்கிழமை எனக்கு முடியாது" என்றதும் இவர் வாயடைத்துப்போனார். திரையில் உள்ள வாக்கியத்தைப் படித்தால் ஆப் கைதட்டும், குறுக்கே பேசாது.

உங்களிடம் நான் கேட்பது இதுதான். ஸ்கிரீன்ஷாட்டுக்குப் பதிலாக, மாணவி அதற்கு முன் பார்த்திராத ஒரு மாதிரித் தேர்வின் நான்கு மதிப்பெண்களை ஃபைலில் வையுங்கள். கேட்டல் ஒலிக்கோப்பில் இடைவெளியும் இரண்டாம் முறையும் பதிவிலேயே இருக்கின்றன. ஓடவிட்டபின் யாரும் கைப்பேசியைத் தொடக்கூடாது. எழுதியதை, அவருக்குப் பாடம் எடுக்காத வேறொரு ஆசிரியர் திருத்தட்டும். பாடம் எடுத்தவர் அந்தப் பெண் என்ன சொல்ல வந்தாள் என்று ஊகித்து மதிப்பெண் போட்டுவிடுவார், நானும் போடுவேன். கேள்விக்கேற்ப எழுதியது, கருத்துக் கோர்வை, சொல்வளம், இலக்கணம் என்று திருத்துவதற்கான நான்கு அளவுகோல்கள் மாதிரித் தேர்வோடே கிடைக்கின்றன.

அறுபது வந்ததும் தேதி எடுத்துவிடாதீர்கள். கேட்டலில் ஒரு கேள்விக்கு மூன்று மதிப்பெண்ணுக்கு மேல். 18 சரி என்றால் தேர்ச்சி, 17 என்றால் 57, தோல்வி. தேர்வறைப் பதற்றத்தில் ஓரிரண்டு போகத்தான் செய்யும். எழுபதைத் தாண்டும்வரை பொறுப்பதே என் வழக்கம். மாதிரித் தேர்வுகள் சிலதான் இருக்கின்றன என்பதையும் மறக்க வேண்டாம். வகுப்பில் பயிற்சிக்கு என்று எல்லாவற்றையும் கரைத்துவிட்டால் பிறகு அளந்து பார்க்க ஒன்றும் மிஞ்சாது. ஒன்றையாவது பிரிக்காமல் வையுங்கள்.

பி1-ல் நான்கு பகுதிகளையும் ஒரே நாளில் எழுதியாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, தனித்தனியாகவும் எழுதலாம். இந்த மாணவி வாசித்தலை இப்போதே எழுதலாம். கேட்டலுக்கும் எழுதுதலுக்கும் பேசுதலுக்கும் இன்னும் சில மாதம் வேண்டும். உங்கள் மையம் நான்குக்கும் சேர்த்து அடுத்த மாதத் தேதியை எடுத்திருக்கிறது, அதுவும் அவர் பணத்தில். இதுபோன்றவர்களின் தேதிகளை மட்டுமாவது முதலில் எடுத்துப் பார்த்து, தள்ளிப்போட முடிந்ததைத் தள்ளிப்போடுங்கள்.

இப்படிக்கு,
ஜெர்மன் ஆசிரியர் ஒருவர்,
திருச்சி