பட்டுக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதலாளிகளே,

நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் விற்பனைப் பிரிவில் இருபது ஆண்டுகள் நின்றவள் நான். போன வாரம் தங்கை மகளின் நிச்சயதார்த்தத்துக்குச் சேலை எடுக்க உங்களில் ஒருவருடைய கடைக்கு வந்திருந்தேன். பாயில் உட்கார வைத்து, காபி கொடுத்து, சலிக்காமல் நாற்பது சேலை விரித்துக் காட்டினாள் ஒரு பெண். இருபது வயதுதான் இருக்கும். மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை போட்ட ஒன்று பிடித்துப்போயிற்று. விலை 18,500.

"ஜரிகை அசலா அம்மா?" என்று கேட்டேன்.

"அசல்தான் அம்மா, பாருங்கள், சில்க் மார்க் இருக்கிறது" என்று சீட்டைத் திருப்பிக் காட்டினாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான். மத்திய பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-இல் வந்த சில்க் மார்க், நூல் இயற்கைப் பட்டு என்பதற்கு மட்டுமே சான்று. ஜரிகையில் வெள்ளி இருக்கிறதா, கைத்தறியா விசைத்தறியா என்பதைப் பற்றி அந்தச் சீட்டு வாயே திறக்காது. கைத்தறிக்கு வேறு முத்திரை இருக்கிறது. இந்த ஒரு வரியை அவளிடம் சொல்லியிருந்தால் போதும், என்னிடம் அப்படிப் பதில் சொல்லியிருக்க மாட்டாள்.

ஜரிகையை எப்படிச் சொல்லித்தருவது? எங்கள் சங்கத்தில் ஓர் அட்டை வைத்திருந்தோம். மூன்று ஜரிகை நூல்கள், ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம், பக்கத்தில் பெயர். முதலாவது அசல்: பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. இரண்டாவது டெஸ்டட் ஜரிகை: உள்ளே செம்புக் கம்பி, மேலே வெள்ளிப் பூச்சு. மூன்றாவது பிளாஸ்டிக் படலத்தில் உலோக நிறம் ஏற்றியது. புதிதாகச் சேருகிறவர் கையில் அட்டையைக் கொடுத்து, சொரசொரப்பான கல்லில் நூலை அழுத்தித் தேய்க்கச் சொல்வோம். அசலில் தங்க நிறம் போனால் வெள்ளை தெரியும். செம்பு நூலில் சிவப்பு தலைகாட்டும். பிளாஸ்டிக்கை நெருப்பில் காட்டினால் சுருண்டு உருகும்.

இதில் ஒரு சறுக்கல் உண்டு. செம்பு நூலை மெல்லத் தேய்த்தால் மேல்பூச்சின் வெள்ளைதான் முதலில் தெரியும், ஆள் ஏமாந்துவிடுவார். உள்ளே சிவப்பு நூல் இருந்தால் அசல் என்று கடைகளில் அடித்துச் சொல்கிறார்களே, அதுவும் முழு உண்மையில்லை. போலி ஜரிகையின் உள்நூலுக்கும் சிவப்புச் சாயம் ஏற்றலாம். சந்தேகம் தீராவிட்டால், நூலை அறுக்காமலே உலோக அளவைக் காட்டும் எக்ஸ்-கதிர் இயந்திரத்தில் சோதிப்பதுதான் வழி. விற்பனைப் பெண்ணுக்கு அந்த இயந்திரம் வேண்டாம். கல்லில் தேய்ப்பது எதைக் காட்டும், எதைக் காட்டாது என்று தெரிந்தால் போதும்.

டெஸ்டட் ஜரிகைச் சேலையை விற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. விலை குறைவு, எடையும் உறுத்தாது, நிறையப் பேருக்கு அதுவே தோது. ஆனால் வாங்குகிறவர் மனதில் வேறு கணக்கு ஓடுகிறது. அம்மாவின் பழைய கல்யாணச் சேலையை ஜரிகை வெள்ளிக்காக யாரோ நல்ல விலைக்கு எடுத்துப் போனதைப் பார்த்து வளர்ந்தவர் அவர். செம்பு ஜரிகைக்கு அந்த விலை கிடைக்காது, நாளாவட்டத்தில் கறுக்கவும் செய்யும். "இது டெஸ்டட் அம்மா, பிற்பாடு ஜரிகைக்கு விலை போகாது, கட்டுவதற்கு நன்றாக இருக்கும்" என்று உங்கள் பெண் சொன்னால் பாதிப் பேர் அதையே எடுப்பார்கள். மீதிப் பேர் விலை கூடிய அசலைக் கேட்பார்கள். இரண்டிலும் உங்களுக்கு நட்டம் எங்கே?

பயிற்சிக்கு ஆள் வைத்து மண்டபம் பிடிக்க வேண்டியதில்லை. வாரம் ஒரு நாள், கடை திறப்பதற்கு முன் இருபது நிமிடம். அன்று ஒரே ஒரு சேலை. கொள்முதல் பார்க்கிறவர் வந்து, எந்த ஊரில் நெய்தது, என்ன ஜரிகை, ஏன் இந்த விலை என்று சொல்லட்டும். பிறகு ஒருவர் வாடிக்கையாளராக உட்கார்ந்து கேள்வி கேட்கட்டும். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்ற பதிலுக்கு யாரும் முகம் சுளிக்கக் கூடாது. எங்கள் மேலாளர் அப்படிச் சொன்னவர்களைத் திட்டியதே இல்லை. தெரியாமல் அளந்தவர்களுக்கு மட்டும் நன்றாக விழும்.

ஓடாத சரக்கை விற்றால் சேலைக்கு இவ்வளவு என்று தனியாகக் கொடுக்கிறீர்களே, அந்த வழக்கத்தையும் பாருங்கள். அது இருக்கும்வரை எந்த அட்டையும் உதவாது. பாடம் காலையில் நடக்கும், பணம் சாயங்காலம் பேசும்.

அந்த மாம்பழச் சேலையை வாங்கினேன். குஞ்சத்தில் ஓர் இழையை வீட்டில் தேய்த்தேன், செம்பு. சேலை அழகுதான், திருப்பிக் கொடுக்கப்போவதில்லை. தை மாதம் முகூர்த்தச் சேலைக்கு அதே கடைக்குத்தான் வருவேன். அந்தப் பெண்ணிடமே உட்கார்ந்து அதே கேள்வியைக் கேட்பேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்களில் ஒருத்தி